குப்பைக் கூடையைத் தூக்கி அடியில் பாருங்கள்

சமையலறையில் ஈ மொய்த்தால் மேடையைத் துடைப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். குப்பைக் கூடையைத் தூக்கிப் பாருங்கள். அடியில் செம்பழுப்பு நிறத்தில் சிறு அரிசி போன்ற கூடுகள் கிடந்தால், ஈக்கள் உங்கள் வீட்டிலேயே பிறக்கின்றன. காய்கறித் தோல், மீன் கழிவு அழுகும் வாடைக்கு வரும் பெண் ஈ, ஒரே தடவையில் சுமார் நூறு முட்டை இடும். வெயில் காலத்தில் ஒரே நாளில் புழு வெளிவந்து, சுமார் பத்து நாட்களில் ஈயாகிவிடும்.

ஈயால் கடித்துத் தின்ன முடியாது. உமிழ்நீரையும் வயிற்றில் இருப்பதையும் உணவின் மேல் கக்கி, கரைத்து உறிஞ்சும். சற்று முன் அது மலத்தில் உட்கார்ந்திருந்தால், சீதபேதி, டைபாய்டு கிருமிகள் அப்படியே சோற்றில் இறங்கலாம்.

ஈரக் கழிவை நீர் வடித்து, செய்தித்தாளில் சுற்றி, மூடியுள்ள கூடையில் போட்டு, தினமும் அகற்றுங்கள். பையை மாற்றினால் மட்டும் போதாது; அடியில் தேங்கும் சாற்றிலேயே புழு வளரும். வாரம் இரண்டு முறை வெந்நீர் ஊற்றித் தேய்த்து, கூடையை வெயிலில் காயவையுங்கள். வெல்லத் தண்ணீர்ப் பொறி பறக்கும் ஈக்களில் சிலவற்றைத்தான் பிடிக்கும். சுத்தம் செய்த முதல் வாரத்திலும் ஈ வந்தால் மனம் தளராதீர்கள். அவை முன்பே கூடு கட்டியவை.