அம்மாவின் காலுக்கு மகன் போட்ட கையெழுத்து: நர்சிங் எதிக்ஸ் அசைன்மென்ட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒப்புதல் பற்றிய கேள்வி வந்தால் பலரும் நோயாளி தானே முடிவெடுக்கும் உரிமையான ஆட்டோனமிக்கு ஒரு பத்தி, நன்மை செய்தலுக்கு ஒரு பத்தி, தீங்கு செய்யாமைக்கும் நீதிக்கும் ஆளுக்கொன்று எழுதி, 'எல்லாவற்றையும் சமன்செய்ய வேண்டும்' என்று முடித்துவிடுகிறார்கள். நோயாளியைப் பற்றி எதுவும் தெரியாமலே எழுதிவிடக்கூடிய விடை அது.

இப்படி ஒரு கேஸ் என்று வைத்துக்கொள்வோம். கேரள எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து, தமிழ் பேசும் 62 வயது அம்மாவுக்குச் சர்க்கரை நோயால் வலது பாதம் அழுகிவிட்டது. முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டும் என்கிறார் சர்ஜன். மலையாளத்தில் இருந்த படிவத்தில் மகன் கையெழுத்துப் போட்டுவிட்டார். "அம்மாகிட்ட சொன்னா தாங்க மாட்டாங்க சிஸ்டர்." காலையில் தியேட்டருக்குத் தயார்செய்யும் மாணவியிடம் அந்த அம்மா கேட்கிறார்: "எத்தனை விரல் எடுப்பாங்க கண்ணு?"

இங்கே முதல் தவறு, நேராக 'ஆட்டோனமியா, நன்மையா' என்று மோதவிடுவது. அதற்கு முன்னால் முடிவெடுக்கும் திறன் அவருக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சொல்வது புரிகிறதா, அது தனக்கு நடக்கப்போவது என்று உணர்கிறாரா, நல்லது கெட்டதை எடைபோட முடிகிறதா, முடிவைச் சொல்ல முடிகிறதா? கிருமி ரத்தத்தில் பரவினாலோ சர்க்கரை இறங்கினாலோ சில மணி நேரத்தில் இந்தத் திறன் குறையலாம். அதனால் காய்ச்சல், சர்க்கரை அளவு, நினைவுத் தெளிவு மூன்றையும் விடையில் எழுதுங்கள். அவர் கேட்ட கேள்வியைப் பார்த்தால் குறை திறனில் இல்லை, தகவலில்தான் என்று தெரிகிறது.

இரண்டாவது தவறு, மகனின் கையெழுத்தையே ஒப்புதலாக எடுத்துக்கொள்வது. திறனுள்ள, வயதுவந்த நோயாளிக்காக அவருடைய தாய் கொடுத்த சம்மதம் செல்லாது என்று சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. அந்த நோயாளி அப்போது மயக்க மருந்தில் இருந்தார். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை, நினைவு திரும்பும்வரை காத்திருந்திருக்கலாம். நம் கேஸில் அம்மா விழித்தே இருக்கிறார்.

இதைப் படித்துவிட்டு, எல்லாவற்றையும் அவரிடம் கொட்டிவிட வேண்டும் என்று எழுதுவது அடுத்த தவறு. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார், மகனே முடிவெடுக்கட்டும் என்கிறாரா என்று முதலில் அவரிடமே கேட்க வேண்டும். அவராக மகனிடம் பொறுப்பை விட்டால் அதுவும் ஆட்டோனமிதான். மகன் தானாக எடுத்துக்கொண்டால் இல்லை. மகனின் பயம் உண்மையானது, அதையும் விடையில் மதித்து எழுதுங்கள். ஆனால் கண்விழித்ததும் கால் இல்லை என்று தெரிவதும் ஒரு தீங்குதான். தீங்கு செய்யாமையின் கீழ் அதையும் எழுத வேண்டும்.

அப்புறம், 'நர்ஸ் விளக்கிச் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும்' என்று எழுதாதீர்கள். அறுவையை விளக்குவது சர்ஜனின் பொறுப்பு. மாணவி செக்லிஸ்ட்டை அங்கேயே நிறுத்தி, வார்டு இன்சார்ஜிடம் சொல்ல வேண்டும். இன்சார்ஜ் சர்ஜனை அழைப்பார். மகன் அல்லாத, தமிழ் தெரிந்த ஒருவரை வைத்து விளக்கியபின், புரிந்ததை அம்மாவின் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொல்லி, அவர் சொன்ன வார்த்தைகளைக் குறிப்பில் எழுத வேண்டும்.

எல்லாம் புரிந்தும் அவர் வேண்டாம் என்றால்? திறன் இல்லை என்று அதற்காக முடிவுகட்டக்கூடாது. மறுப்பின் விளைவை விளக்கிப் பதிவுசெய்து, டிரஸ்ஸிங், ஆன்டிபயாட்டிக், வலி மருந்தைத் தொடர வேண்டும். அவர் மனம் மாறினால் மறுபடி பேசலாம் என்பதையும் அவரிடம் சொல்ல வேண்டும்.