குறி மாறும் என்று நம்பி ஏமாறும் இடம்

2x³ − 5x² ≤ 4x − 12. இந்த முப்படி அசமன்பாட்டைக் கொடுத்தால் பலர் x = 2-ஐச் சரியாகக் கண்டுபிடித்துவிடுவார்கள், அப்புறம்தான் கோட்டைவிடுவார்கள்.

முதலில் எல்லாவற்றையும் ஒரே பக்கம் கொண்டுவாருங்கள்: 2x³ − 5x² − 4x + 12 ≤ 0. வலப்பக்கம் பூச்சியம் இல்லாமல் குறியைப் பார்த்து எந்தப் பயனும் இல்லை. விகிதமுறு மூலம் இருந்தால் அதன் தொகுதி 12-ஐ வகுக்கும், பகுதி 2-ஐ வகுக்கும். அதனால் ±1, ±2, ±3 என்று முழு எண்களோடு நின்றுவிடாமல் ±1/2, ±3/2-ஐயும் பட்டியலில் சேர்க்க வேண்டும். x = 2 போட்டால் 16 − 20 − 8 + 12 = 0, ஆகவே காரணித் தேற்றப்படி (x − 2) ஒரு காரணி. வகுத்தால் 2x² − x − 6 கிடைக்கும்.

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. "இரண்டு பக்கமும் (x − 2)-ஆல் வகுத்துவிட்டேன், 2x² − x − 6 ≤ 0, எனவே −3/2 ≤ x ≤ 2" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். சமன்பாட்டிலேயே இப்படி வகுத்தால் ஒரு மூலம் தொலைந்துபோகும். அசமன்பாட்டில் இன்னும் மோசம், ஏனென்றால் x < 2 எனில் (x − 2) குறை எண், அதால் வகுத்தால் ≤ என்பது ≥ ஆகத் திரும்ப வேண்டும். நம்பிக்கை இல்லையென்றால் x = 0 போட்டுப் பாருங்கள்: 12 ≤ 0 என்று வரும்.

வகுக்காமல் காரணிப்படுத்துங்கள். 2x² − x − 6 = (2x + 3)(x − 2), ஆக மொத்தம் (x − 2)²(2x + 3) ≤ 0. மூலங்கள் −3/2, 2. இப்போது அடுத்த பொறி: வலக்கோடியிலிருந்து கூட்டல், கழித்தல், கூட்டல் என்று பழக்கதோஷத்தில் குறி போட்டுக்கொண்டே போவது. எல்லா மூலங்களும் வேறுவேறாக இருந்தால் அது சரிதான், ஆனால் 2 இங்கே இரண்டு முறை வருகிறது, (x − 2)² எந்தப் பக்கமும் குறை எண் ஆகாது. ஒவ்வோர் இடைவெளியிலும் ஓர் எண்ணைப் போட்டுப் பார்ப்பதுதான் பாதுகாப்பு:

x = −2 → −16
x = 0 → 12
x = 3 → 9

2-ஐத் தாண்டியும் குறி மாறவில்லை, பாருங்கள். வரைபடம் அந்தப் புள்ளியில் அச்சைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறது.

சரி, விடை x ≤ −3/2 மட்டுமா? இல்லை. x = 2-இல் மதிப்பு பூச்சியம், ≤ குறி அதை ஏற்றுக்கொள்ளும். எனவே விடை x ≤ −3/2 அல்லது x = 2. இடைவெளிகளை மட்டும் பார்த்து எழுதுபவர்கள் இந்தத் தனிப்புள்ளியைத்தான் விட்டுவிடுவார்கள். கேள்வியில் < இருந்திருந்தால் 2-உம் போகும், −3/2-உம் போகும், x < −3/2 மட்டும் மிஞ்சும்.

x³ − 3x + 1 போன்றவற்றில் ±1 இரண்டுமே பூச்சியம் தராது, பட்டியலும் அத்தோடு தீர்ந்துவிடும். அங்கே விகிதமுறு மூலமே கிடையாது, இந்த வழியில் மல்லுக்கட்ட வேண்டாம்.