மொத்த எடை சரி, பின் ஆக்சில் தப்பு: லாரியில் லோடு ஏற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் சங்ககிரிப் பக்கம் ஓர் எடைமேடையில், புதிதாக லாரி வாங்கிய தம்பி ஒருவர் சீட்டை என்னிடம் நீட்டினார். “அண்ணே, பதினேழரை டன்தான். நமக்குப் பதினெட்டரை வரைக்கும் இருக்கு.” வண்டியின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். ஸ்பிரிங் பட்டைகள் வளைவே இல்லாமல் நேராகப் படுத்துக் கிடந்தன. சொந்த வண்டி எடுத்த புதிதில் நான் செய்த அதே தவறு.

அளவுக்கு மீறி ஏற்றாதே என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அளவுக்குள் ஏற்றியும் மாட்டிக்கொள்வதைப் பற்றித்தான் இங்கே சொல்ல வேண்டும்.

மொத்த எடையை மட்டும் பார்ப்பது

2018-இல் மத்திய அரசு வரம்புகளை உயர்த்தியது. இரண்டு ஆக்சில் லாரிக்கு முன் ஆக்சிலில் 7 டன், நான்கு டயர் உள்ள பின் ஆக்சிலில் 11.5 டன், மொத்தம் 18.5 டன். இவை மூன்றும் தனித்தனி வரம்புகள். மொத்தம் குறைவாக இருப்பதால் பின் ஆக்சிலுக்குச் சலுகை எதுவும் கிடைக்காது.

என் கதையைக் கணக்காகவே சொல்கிறேன். வண்டி வெறுமையாக 6.5 டன்: முன்னால் 3.5, பின்னால் 3. இரண்டு ஆக்சிலுக்கும் நடுவே 5 மீட்டர். ஏற்றியது 11 டன் எடையில், இரும்புத் தகட்டைச் சுருட்டிய காயில் ஒன்று. கிரேன்காரர் தனக்கு வசதியான இடத்தில், பின் ஆக்சிலுக்கு அரை மீட்டர் முன்னால் இறக்கி வைத்தார். நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

காயிலின் நடுப்பகுதி பின் ஆக்சிலிலிருந்து எவ்வளவு முன்னால் இருக்கிறதோ, அதை 5 மீட்டரால் வகுத்தால் முன் ஆக்சிலுக்குப் போகும் பங்கு கிடைக்கும். அரை மீட்டர் என்றால் பத்தில் ஒரு பங்கு, அதாவது 1.1 டன். மீதி 9.9 டன்னும் பின்னால். ஆக முன் ஆக்சிலில் 4.6, பின் ஆக்சிலில் 12.9. மொத்தம் 17.5 டன்தான், ஆனால் பின் ஆக்சில் 1.4 டன் கூடுதல்.

வழியில் ஆக்சில் வாரியாக எடை போட்டுப் பிடித்தார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆம் பிரிவில் 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. கூடுதல் எடையை இறக்கும் செலவும் நம்முடையது, இறக்காமல் வண்டி நகரக் கூடாது. காயிலை எங்கே பாதியாக வெட்டி இறக்குவது? கிரேன் பிடித்து இடம் மாற்ற ஒரு நாள் போனது. அந்த நடையில் கிடைத்த வாடகை முழுவதும் அங்கேயே கரைந்தது. இன்றும் நினைத்தால் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் ஏற்றும்போதே 80 சென்டிமீட்டர் முன்னால் வைத்திருந்தால் போதும்.

ஆக்சிலிலிருந்து 1.3 மீட்டர் முன்னால் வைத்தால் முன்னால் 6.36, பின்னால் 11.14. இரண்டும் வரம்புக்குள். 1.6 மீட்டரில் வைத்தாலே முன் ஆக்சில் 7 டன்னைக் கடந்துவிடும், அதனால் கண்ணால் பார்த்துத் தள்ளாமல் டேப் வைத்து அளந்து, பலகையில் சாக்பீஸால் கோடு போட்டு, கிரேன் வருவதற்கு முன்பே காட்டிவிடுங்கள். காயிலுக்கு முன்னும் பின்னும் கட்டை அடித்து, சங்கிலி போட்டு இறுக்க வேண்டும். கேபின் பக்கத் தடுப்பு அதைத் தாங்கும் என்று விட்டுவிடக் கூடாது.

அபராதத்தோடு இது முடிவதில்லை. பின் டயர் ஒவ்வொன்றுக்கும் சுமார் 350 கிலோ கூடுகிறது, பட்டை உடைகிறது, ஹப் பேரிங் சீக்கிரம் போகிறது. முன்பக்கம் லேசாகிவிடுவதால் மழையில் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகப் போகப் பார்க்கும். சாலைக்கும் அடிதான். அமெரிக்காவின் இல்லினாயில் 1958 முதல் 1960 வரை லாரிகளை ஓட்டிப் பார்த்த சோதனையிலிருந்து வந்த விதிப்படி, சாலைச் சேதம் ஆக்சில் எடையின் ஏறக்குறைய நான்காம் அடுக்கில் கூடுகிறது. 11.5 டன் 12.9 ஆனால் சேதம் ஒன்றரை மடங்குக்கும் மேல்.

ஆக்சில் எடையைப் பார்க்க முடியாது என்று விட்டுவிடுவது

சாதாரண எடைமேடையிலேயே பார்க்கலாம். முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஓர் எடை, முழு வண்டிக்கு ஓர் எடை, பின் சக்கரங்களுக்கு மட்டும் ஓர் எடை. மேடைக்கு வெளியே இருக்கும் தரையும் அதே மட்டத்தில் இருக்க வேண்டும், பிரேக் மிதித்திருக்கக் கூடாது. முன் எடையும் பின் எடையும் கூடி மொத்தத்தோடு ஒத்து வராவிட்டால் தரை சரிவு, அந்த அளவை நம்பாதீர்கள்.

பட்டை கூட்டினால் வரம்பு கூடும் என்று நினைப்பது

கூடாது. ஆர்.சி.யில் இருக்கும் எடைதான் கணக்கு.

பில்லில் உள்ள எடையை நம்புவது

ஏற்றியதும் நீங்களே எடை போடுங்கள்.

கொஞ்சம் கூடுதல்தானே என்று மலை இறங்குவது

தொப்பூர் இறக்கத்தில், கியரைக் குறைத்து இறங்கும்போது என்ஜின் பிடித்துக்கொடுக்கும் அளவு லோடு கூடியதற்காக அதிகமாகிவிடாது. அதனால் கூடுதல் எடையின் சூடு முழுவதும் பிரேக் டிரம்முக்கே போகிறது. லோடு 20 சதவீதம் கூடினால் டிரம்மின் சூடு அதைவிட அதிகமாகக் கூடும். பிரேக் பிடிக்கவில்லை என்பது தெரியவரும் இடம் பெரும்பாலும் பாதி இறக்கம்.