மழை மாலையில் ஒரு குறுஞ்செய்தி: இப்படியொரு சிறுகதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய நண்பர்கள் இருவர். மழை மாலையில் ஒருவர் அனுப்பிய குறுஞ்செய்தியை மற்றவர் தவறாக எடுத்துக்கொள்ள, நட்பில் விரிசல் விழுகிறது. சிற்றிதழ் ஒன்றுக்குக் கதை தேர்ந்தெடுத்துக் கொடுத்த காலத்தில் இந்தக் கருவில் எத்தனையோ கதைகளைப் படித்தேன். அவற்றில் பெரும்பாலானவை அந்தக் குறுஞ்செய்தியிலேயே சறுக்கி விழுந்தன.

எழுத்துப் பிழையை நம்புவதுதான் முதல் தவறு. ஓர் எழுத்து விடுபட்டது, வேறொருவருக்குப் போக வேண்டியது இவருக்கு வந்துவிட்டது என்றெல்லாம் எழுதுகிறார்கள். அது வெறும் விபத்து. அதில் இருவர் மனத்துக்கும் வேலையே இல்லை. செய்தி பிழையில்லாமல், இரண்டு விதமாகவும் நேர்மையாகப் படிக்கும்படி இருக்க வேண்டும். அப்படி ஒரு வரியை நம் மொழியே தருகிறது: “இனி வர வேண்டாம்.”

“இனி பஸ் கிடைக்காது” என்றால் இந்த நேரத்துக்குமேல் என்று பொருள். “இனி உன்னோடு பேச்சில்லை” என்றால் என்றைக்கும் என்று பொருள். சொல் ஒன்றுதான். இதை வைத்து ஒரு கதையைக் கட்டிப் பார்ப்போம். வேளச்சேரியில் ராமலிங்கம், தாம்பரத்தில் யூசுப், இருவருக்கும் அறுபதைத் தாண்டிய வயது. சனிக்கிழமைதோறும் ராமலிங்கம் வீட்டில் சதுரங்கம். நவம்பர் மாதத்து மாலை ஆறரை மணிக்கு, பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் யூசுப்பின் கைபேசியில் அந்த வரி வந்து விழுகிறது.

நாற்பது ஆண்டு நண்பன் “வேண்டாம்டா” என்றுதான் எழுதுவான். அந்த “டா” இருந்தால் கதையே இல்லை. அப்படியானால் அது ஏன் இல்லை? அடுப்படியில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த ராமலிங்கம் பேத்தியிடம் சொல்லி அனுப்பச் சொன்னார். தாத்தாவின் நண்பருக்கு அவள் எப்படி “டா” போடுவாள்? மரியாதையாக எழுதினாள். அந்த மரியாதைதான் யூசுப்பைச் சுட்டது.

மழையைப் பற்றி அரைப்பக்கம் வர்ணித்துவிட்டுக் கதையைத் தொடங்குவது அடுத்த தவறு. இங்கே மழைக்கு ஒரு வேலை இருக்கிறது. வேளச்சேரியில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். ஜன்னல் வழியே அதைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு, மழை என்ற சொல்லைச் செய்தியில் சேர்க்க வேண்டும் என்றே தோன்றவில்லை. தாம்பரத்திலோ மழை விட்டுக் கால் மணி நேரமாகிறது. யூசுப் குடையை மடக்கி உதறிவிட்டார். வடகிழக்குப் பருவமழை ஒரு பேட்டையில் கொட்டி அடுத்ததில் தூறிவிட்டுப் போவது சென்னையில் நாம் எல்லோரும் பார்த்ததுதான். மேலே வானம் தெளிந்திருக்க, “வர வேண்டாம்” என்பதற்கு மழையா காரணமாகத் தோன்றும்?

இதற்குப் பிறகும் ஒரு கேள்வி மிஞ்சும்: ஏன் கூப்பிட்டுக் கேட்கவில்லை? பலர் இங்கே கைபேசியில் சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று எழுதித் தப்பிக்கிறார்கள். வாசகர் அந்த இடத்தில் கதையைவிட்டு வெளியே வந்துவிடுவார். கூப்பிட முடியும், ஆனால் கூப்பிடமாட்டார் என்று இருக்க வேண்டும். அதற்குப் பழைய காயம் ஒன்று தேவை. மூன்று ஆண்டுகளுக்கு முன் ராமலிங்கத்தின் மனைவி இறந்தபோது யூசுப் வரவில்லை. பதினாறாம் நாளுக்கும் வரவில்லை. ராமலிங்கம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. வர வேண்டிய அன்று வராதவருக்கு “இனி வர வேண்டாம்” என்பது, மூன்று ஆண்டுகளாக எதிர்பார்த்திருந்த வாக்கியம். கூப்பிட்டால் அதையே குரலிலும் கேட்க நேரும். எண்ணைத் திறக்கிறார், பெருவிரல் அதன்மேல் நிற்கிறது, பஸ் வந்து போகிறது. இந்தக் காயத்தைக் கதையின் கடைசியில் போட்டு உடைக்காதீர்கள். செய்தி வருவதற்கு முன்பே, அவர் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஓரிரு வரியில் வந்துவிட வேண்டும்.

கதை முழுவதும் யூசுப்போடே இருக்கட்டும். இடையில் ஒருமுறை ராமலிங்கத்தின் மனத்துக்குள் போய்வந்தாலும் செய்தியின் இரண்டாவது பொருள் அம்பலமாகி, வாசகர் யூசுப்பைவிடக் கெட்டிக்காரராகிவிடுவார். வாசகரும் அந்த வரியை அவரைப் போலவே தவறாகப் படிக்க வேண்டும். ராமலிங்கத்தின் பக்கம் எழுதுகிற உங்களுக்குத் தெரிந்தால் போதும், கதையில் அதை வெளியிலிருந்தே காட்டிவிடலாம். நீலக் குறிகளைப் பார்த்து, யூசுப் படித்துவிட்டான், வீடு திரும்பியிருப்பான் என்று அவர் நிம்மதியாக இருந்துவிட்டார். அடுத்த சனிக்கிழமையும் ஆள் வராதபோது, கூப்பிட இவருக்கும் ரோஷம்.

முடிவில் இருவரையும் உட்கார வைத்து, “நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை” என்று பேச வைப்பதுதான் நான் அதிகம் பார்த்த பிழை. உண்மை, அதன் கனம் தெரியாத ஒருவர் வாயிலிருந்து வரட்டும். ஐந்தாவது வாரம் யூசுப் தயங்கித் தயங்கிப் போகிறார். கதவைத் திறக்கும் பேத்தி, “அன்றைக்கு நீங்கள் வராததால் பஜ்ஜி எல்லாம் மீந்துவிட்டது தாத்தா. தெருவில் தண்ணீர், வர வேண்டாம் என்று நான்தான் அனுப்பினேன்” என்று சொல்லிவிட்டு ஓடுகிறாள். உள்ளே ராமலிங்கம் நிமிர்ந்து பார்க்காமல் காய்களை அடுக்குகிறார். வெள்ளைக் காய்கள் யூசுப்பின் பக்கம் இருக்கின்றன.