அடையாள அட்டைப் படம் இரண்டாம் முறை சரிவந்த விதம்

தேசிய அடையாள அட்டைக்கு நான் முதலில் கொடுத்த படம் திருப்பியனுப்பப்பட்டது. அதைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, நெற்றியில் ஒரு வெள்ளைத் திட்டும், கண்குழிகளில் இருளும், இடது காதுக்குப் பின்னால் சுவரில் விழுந்த கருநிழலும் தெரிந்தன.

வெள்ளவத்தையில் பஸ்ஸிலிருந்து இறங்கி, காலி வீதி வெயிலில் நடந்து, நேரே ஸ்டூடியோக் கதிரையில் அமர்ந்ததே என் முதற்பிழை. மறுமுறை 20 நிமிடம் முன்னதாகவே சென்று, மின்விசிறியின் கீழ் இருந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தேன். மூக்கில் அது பதித்த சிவந்த தடம் மறைய அவ்வளவு நேரம் பிடித்தது. தேய்த்தால் முகம் சிவந்துவிடும் என்பதால், வியர்வையை டிஷூவால் ஒற்றி மட்டுமே எடுத்தேன். அம்மா வற்புறுத்திய பவுடரைத் தவிர்த்தேன், ஏனெனில் ஃபிளாஷ் ஒளியில் அது முகத்தைச் சாம்பல் பூசியதுபோலக் காட்டிவிடும்.

நிழலுக்குக் காரணம், நான் சுவரை ஒட்டி அமர்ந்திருந்ததும், ஒரேயொரு விளக்கு உயரத்தில் ஒரு பக்கமாக நின்றதும்தான். கதிரையைச் சுவரிலிருந்து ஏறத்தாழ 4 அடி முன்னே இழுத்து, விளக்கைக் கண்மட்டத்துக்குச் சற்று மேல்வரை இறக்கி, மறுபக்கம் இன்னொன்றை வைக்கும்படி படமெடுத்த தம்பியிடம் கேட்டேன். மடியில் விரித்த வெள்ளை மட்டை, கண்களுக்குக் கீழிருந்த இருளைப் பெருமளவு நீக்கியது.

“அண்ணா, கண்ணை மூடி மூச்சை விடுங்கோ, மூன்று எண்ணினதும் திறவுங்கோ” என்றார் அவர். உதடுகள் மூடியிருக்க, இறுக்கமில்லாமல் விழித்த அந்தப் படமே ஏற்கப்பட்டது.