பாஸ்புக்கில் 14,300, கடிதத்தில் 50,400: குழுக் கடன் விண்ணப்பத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மகளிர் குழுவின் தலைவி வங்கி மேலாளருக்கு எழுதும் கடன் கோரிக்கைக் கடிதம் பெரும்பாலும் ஒன்றரைப் பக்கத்தில் முடிந்துவிடும். அதில் ஒரு பக்கம் வணக்கமும் வறுமையும்தான் இருக்கும். மேலாளர் தேடும் கணக்கு கடைசி நாலு வரிகளில் ஒடுங்கிக் கிடக்கும், அதுவும் பல நேரம் தப்பாக. குழுக்களுக்குக் கணக்கு எழுதிக்கொடுக்கப் போன இடங்களில் திரும்பத் திரும்பப் பார்த்தது இது.

14 பேர் கொண்ட ஒரு குழுவை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு மாதம் 200 ரூபாய் சேமிப்பு, தொடங்கி 18 மாதம் ஆகிறது. மொத்தச் சேமிப்பு 50,400 ரூபாய். தலைவி கடிதத்தில் “எங்கள் குழுவின் சேமிப்பு ரூ.50,400” என்று எழுதி, பாஸ்புக் நகலை இணைத்துவிட்டார். பாஸ்புக்கில் இருப்பதோ 14,300. மேலாளர் முதலில் கேட்ட கேள்வி, “மீதி 36,100 எங்கம்மா?”

பணம் எங்கும் போகவில்லை. உறுப்பினர்களிடம் உள்கடனாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. குழு நடத்துவதே அதற்குத்தானே! ஆனால் கடிதத்தில் அதைச் சொல்லாததால், பதில் தெரிந்த தலைவியே மேசைக்கு முன்னால் தடுமாறிப் போனார். சேமிப்பையும் வங்கி இருப்பையும் ஒன்றாக நினைத்து எழுதுவதுதான் நான் பார்த்ததில் முதல் தவறு.

இதனால் கடன் தொகையும் குறைகிறது. தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தில் வரும் மகளிர் குழுக்களுக்கு, முதல் முறை டேர்ம் லோன் தரும்போது குழுவின் மூலநிதியைப் போல 6 மடங்கு, அல்லது குறைந்தது 1.5 லட்சம், இதில் எது அதிகமோ அதைத் தரலாம் என்று ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் சொல்கிறது. மூலநிதி என்பது சேமிப்பு மட்டுமல்ல. சுழல் நிதி, உள்கடனில் வந்த வட்டி, பிற வரவு எல்லாம் அதில் சேரும்.

நம் குழுவுக்குக் கூட்டிப் பார்ப்போம். சேமிப்பு 50,400. சுழல் நிதி 15,000. நூற்றுக்கு இரண்டு வட்டியில் உள்கடன் கொடுத்து வந்த வட்டி 11,800. வங்கி வட்டி 500. ஆக மொத்தம் 77,700. இதில் நோட்டுப் புத்தகம், பஸ் செலவு என்று போன 1,200 ரூபாயைக் கழித்தால் மூலநிதி 76,500. சேமிப்பை மட்டும் வைத்து 6 மடங்கு கேட்டால் 3,02,400. மூலநிதியை வைத்துக் கேட்டால் 4,59,000. கடிதத்தில் ஒரு வரி விட்டுப்போனதற்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் வித்தியாசம்.

இந்த 76,500 இப்போது எங்கே இருக்கிறது என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். வங்கியில் 14,300, உறுப்பினர்களிடம் உள்கடன் அசல் பாக்கி 61,000, கையிருப்பு 1,200. கூட்டினால் அதே 76,500 வருகிறது. பணம் வந்த வழியும் இருக்கும் இடமும் ஒரே தொகையில் வந்து நின்றால் மேலாளருக்குக் கேட்க ஒன்றும் இருக்காது. நிற்காவிட்டால் வங்கிக்குப் போவதற்கு முன்பே பேரேட்டைத் திறந்து உட்கார்ந்துவிடுங்கள். பெரும்பாலும் வட்டியை அசலில் வரவு வைத்திருப்பார்கள், இல்லையென்றால் ஒருவரின் இரண்டு மாதச் சேமிப்பு விட்டுப்போயிருக்கும். 14ஐ 200ஆலும் 18ஆலும் பெருக்கிச் சேமிப்பு எழுதுவது ஆபத்து என்பதும் இதனால்தான். ஒருவர் பிந்திச் சேர்ந்திருந்தாலே பெருக்கல் பொய்யாகிவிடும். பேரேட்டைக் கூட்டித்தான் எழுத வேண்டும்.

அடுத்தது திருப்பிச் செலுத்திய கணக்கு. “எங்கள் குழுவில் நூறு சதவீதம் தவறாமல் கட்டுகிறோம்” என்ற வரி இல்லாத கடிதத்தை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். அதே கடிதத்தோடு போகும் கடன் பேரேட்டில் யாரோ ஒருவருக்கு மூன்று மாதம் காலியாக இருக்கும். சிலர் அந்தக் காலி இடத்தை ஒரே ராத்திரியில் நிரப்பியும் கொண்டுபோவார்கள். ஆறு மாத வரவு ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஒரு அடித்தல்கூட இல்லாமல் இருந்தால் அதிகாரிக்குப் புரியாதா? உறுப்பினரின் தனி பாஸ்புக்கை வாங்கிப் பக்கத்தில் வைத்தால் போதும், குட்டு வெளிப்பட்டுவிடும். நிலுவைக்காகக் கடன் குறையலாம். கணக்கைத் திருத்தினோம் என்று தெரிந்தால் அந்தக் கிளையில் அடுத்த தடவையும் கதவு திறக்காது.

சதவீதம் போடுவதிலும் ஒரு குழப்பம் உண்டு. வசூலானதை மொத்தக் கடனால் வகுக்கக் கூடாது. அந்தக் காலத்தில் வர வேண்டியது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்றுதான் பார்க்க வேண்டும். வங்கியில் இதைக் கேட்பு, வசூல், நிலுவை என்பார்கள். நம் குழுவில் கடைசி ஆறு மாதத்தில் வர வேண்டிய தவணை 36,000. வந்தது 33,500. நிலுவை 2,500. அதாவது 93 சதவீதம். இதைக் கடிதத்தில் இப்படி எழுதலாம்:

“கடந்த ஆறு மாதத்தில் உள்கடன் கேட்பு ரூ.36,000, வசூல் ரூ.33,500, நிலுவை ரூ.2,500. நிலுவை இரண்டு உறுப்பினர்களுடையது. ஒருவர் பிரசவத்துக்குத் தாய்வீடு சென்றுள்ளார். மற்றவர் இரண்டு தவணைகளில் கட்டிவிடுவதாகக் குழுக் கூட்டத்தில் ஒப்புக்கொண்டு தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்திட்டுள்ளார்.”

நூறு என்று எழுதுவதைவிட இந்த 93க்கு மதிப்பு அதிகம். பேரேட்டில் பார்த்தால் அதுதான் இருக்கும்.

ஓர் உறுப்பினருக்கு அதே வங்கியில் சொந்தக் கடன் பாக்கி இருந்தால் குழுவுக்கே கடன் கிடைக்காது என்று பயந்து மறைப்பவர்களும் உண்டு. குழு தவணை தவறாதவரை ஒரு சிலரின் தனிப்பட்ட பாக்கி குழுக் கடனுக்குத் தடையாக இருக்கக் கூடாது என்பதே விதி. ஆனால் வாங்கும் கடனில் அந்த உறுப்பினருக்குப் பங்கு தரக் கூடாது. அதையும் தீர்மானத்தில் சொல்லிவிடுவது நல்லது.

குழு எப்போது தொடங்கியது என்பதற்குக் கணக்குத் திறந்த தேதியை மட்டும் எழுதுவது இன்னொன்று. குறைந்தது ஆறு மாதம் இயங்கியிருக்க வேண்டும் என்ற தகுதி, புத்தகக் கணக்குப்படிதான் பார்க்கப்படுகிறது. நாலு மாதம் கழித்து வங்கிக் கணக்குத் திறந்த குழு அந்தத் தேதியை மட்டும் எழுதினால், அந்த நாலு மாதத்தைத் தானாகவே இழக்கிறது. முதல் கூட்டத்தின் தேதியை எழுதி, அன்றைய தீர்மானப் பக்கத்தின் நகலை வையுங்கள்.

அப்புறம், “எங்கள் சேமிப்புக் கணக்கில் உள்ள தொகையைப் பிணையாக வைத்துக்கொள்ளச் சம்மதிக்கிறோம்” என்று சிலர் தாங்களாகவே எழுதிக்கொடுக்கிறார்கள். இதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். 10 லட்சம் வரையிலான குழுக் கடனுக்குப் பிணையும் கேட்கக் கூடாது, சேமிப்புக் கணக்கை முடக்கவும் கூடாது, கடனுக்காக டெபாசிட் போடச் சொல்லவும் கூடாது. கேட்காததை எழுதிக்கொடுத்துவிட்டு, பிறகு உள்கடன் கொடுக்கப் பணம் எடுக்க முடியாமல் நிற்பானேன்?

மற்றவை சின்ன விஷயங்கள், ஆனால் கடிதத்தைத் திருப்பி அனுப்ப அவை போதும். கடிதத்தின் தேதி, கடன் கேட்கத் தீர்மானம் போட்ட தேதிக்கு முந்தியதாக இருக்கக் கூடாது. பொறுப்பாளர்கள் மாறியிருந்தால் முதலில் வங்கியில் கையெழுத்தை மாற்றிவிட்டுத்தான் கடிதம் தர வேண்டும். கேட்கும் தொகை உறுப்பினர்வாரித் தேவையின் கூட்டலாக இருக்கட்டும்: யாருக்குக் கறவை மாடு, யாருக்குத் தையல் மெஷின், யாருக்கு எதுவும் வேண்டாம் என்று. பதினான்கு பேருக்கும் ஆளுக்கு முப்பதாயிரம் என்று சமமாகப் பிரித்து வைத்தால், யாருடைய தேவையையும் கேட்கவில்லை என்பது பார்த்த உடனே தெரிந்துவிடும்.

கடிதம் இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் தேதியோடு வங்கி முத்திரை வாங்கித் தீர்மானப் புத்தகத்துக்குள் வையுங்கள். மேலாளர் மாற்றலாகிப் போனால் புதியவரிடம் காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.