தமிழ்ச் சங்கேதச் செய்தி: கணினி மன்றத் திட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு எழுத்துக்குப் பதில் இன்னொரு எழுத்தை வைத்து எழுதுவதுதான் மிக எளிய சங்கேதம். கணினி மன்றங்களில் இதைச் செய்யச் சொன்னால் ஒரு குழு செய்தியை மறைக்கும், மற்றக் குழு எழுத்துகளை எண்ணிப் பார்த்து உடைக்கும். எண்ணி உடைக்கும் முறையை முதலில் எழுதி வைத்தவர் 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்-கிந்தி. அவர் பார்த்தது அரபு எழுத்து. புத்தகங்களில் நாம் பார்ப்பது ஆங்கிலம். அதே வழிமுறையைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவரும்போதுதான் மறைப்பவரும் உடைப்பவரும் சறுக்குகிறார்கள்.

கீழே இருப்பது தர்மபுரி மாவட்டத்து மாணவர்கள் சுற்றுலாவுக்காக அனுப்பக்கூடிய ஒரு செய்தி. க முதல் ன வரையுள்ள 18 மெய்களை மட்டும் மாற்றியிருக்கிறது. உயிர்க்குறிகள், புள்ளி, சொல் இடைவெளி எல்லாம் அப்படியே இருக்கின்றன.

```
லநிர்ரிணதை ராறை யாய்யிளென்னிய்யன்னி யேளுழ்வு
ழிறைடவ்விற் ரூனுரிமோத். அச்ரிளுழ்வு வள்தயுளி
கழ்வு ஒரேநர்ரற் யேளுழ்விற் ஏமுரிமோத். தவிட
உபகை கீன்னிறிளுழ்வே ரொப்னு களகுத்.
```

சாவிகள் நிறைய இருக்கின்றன என்று நம்புவது

18 எழுத்துகளை இடம் மாற்றி அடுக்க ஏறத்தாழ 6,400 லட்சம் கோடி வழிகள் உண்டு. இத்தனை சாவிகளை யாராலும் போட்டுப் பார்க்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் உடைப்பவர் சாவிகளைத் தேடுவதே இல்லை. பெயர் மாறினாலும் எழுத்தின் நடத்தை மாறாது: எத்தனை முறை வருகிறது, சொல்லின் முதலில் வருமா, கடைசியில் வருமா, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதெல்லாம் செய்தியிலேயே தெரிந்துவிடும்.

எதை எண்ணுகிறோம் என்று பார்க்காமல் எண்ணுவது

நிகழ்வெண் எடுக்க நிரல் எழுதுபவர்கள் முதலில் விழும் குழி இது. பைத்தானுக்கு ‘கி’ ஒரு எழுத்து அல்ல. க என்றும் இ-குறி என்றும் இரண்டு. செய்தி முழுவதையும் அப்படியே Counter-இல் போட்டால் பட்டியலின் தலையில் புள்ளி வந்து உட்கார்ந்துகொள்ளும். மேலே உள்ள செய்தியில் புள்ளி 22 முறை வருகிறது. அதிகம் வரும் மெய்யான ர வெறும் 11 முறைதான். புள்ளியை நாம் மாற்றவே இல்லை என்பதால் அந்த முதலிடத்தால் ஒரு பயனும் இல்லை.

சரி, ‘கி’, ‘கு’, ‘க்’ ஒவ்வொன்றையும் முழு எழுத்தாகவே எண்ணலாமே என்றால், இந்தச் செய்தியில் மொத்தமே 83 எழுத்துகள். உயிர்மெய்கள் மட்டும் 216. அதிகம் வரும் ‘ழ்’ கூட 5 முறைதான் வருகிறது. பெரும்பாலானவை ஓரிரு முறை. இத்தனை மெல்லிய எண்ணிக்கையை வைத்து வரிசை பிடிக்க முடியாது. குறிகளைக் கழற்றிவிட்டு அடிமெய்களை மட்டும் எண்ணுவதே சரி:

```python
import re, unicodedata
from collections import Counter

s = open("msg.txt", encoding="utf-8").read()
s = unicodedata.normalize("NFC", s)
mei = "கஙசஞடணதநபமயரலவழளறன"

print(Counter(c for c in s if c in mei).most_common())
p = "(?=([" + mei + "]\u0bcd[" + mei + "]))"
print(Counter(re.findall(p, s)).most_common())
```

NFC வரியை விட்டுவிட வேண்டாம். ‘கொ’ என்பதில் உள்ள குறி சில கோப்புகளில் ஒரே குறியாகவும், சிலவற்றில் கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கப்பட்டிருக்கும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பிறகு குறிகளையும் எண்ண வேண்டி வந்தால் கணக்கு உதைக்கும். கடைசி இரண்டு வரிகள், புள்ளி வைத்த மெய்யையும் அதை அடுத்து வரும் மெய்யையும் ஜோடியாக எண்ணுகின்றன. ‘ர்த்த’ போல மூன்று மெய்கள் தொடர்ந்து வந்தாலும் இரண்டு ஜோடிகளும் கணக்கில் வர வேண்டும், அதற்குத்தான் `(?=`.

மறைக்கும் நிரலிலும் இதற்கு அண்ணன் தம்பியான ஒரு தவறு உண்டு: `chr(ord(c)+3)` என்று எழுதுவது. ஆங்கிலத்தில் எழுத்துகள் இடைவெளி இல்லாமல் வரிசையாக நிற்கின்றன. யூனிகோடின் தமிழ்ப் பகுதியில் நடுநடுவே காலி இடங்கள் உண்டு. க என்பது U+0B95. மூன்று கூட்டினால் வரும் U+0B98-இல் எழுத்தே கிடையாது. திரையில் கட்டம்தான் தெரியும். `mei` வரிசையில் எத்தனையாவது இடம் என்று பார்த்து, கூட்டி, 18-ஆல் வகுத்த மீதியை எடுக்க வேண்டும்.

தரவரிசையை அப்படியே ஒட்டவைப்பது

நிரல் தரும் மெய்களின் எண்ணிக்கை: ர 11, வ 9, ய, ன, ள ஆகியவை தலா 8, ழ, ற, த தலா 6, க 5. மற்றவை 3-ம் அதற்குக் கீழும். இப்போது பாடப்புத்தகத்தின் சில பக்கங்களை எண்ணி ஒரு பட்டியல் தயாரித்து, அதில் முதலில் வருவது இங்கே முதலில் வருவது, இரண்டாவது இரண்டாவது என்று ஜோடி சேர்த்தால் குப்பைதான் கிடைக்கும். 79 மெய்கள் மட்டுமே உள்ள செய்தியில் வரிசை அப்படிப் பொருந்தாது. சாதாரணத் தமிழ் உரைநடையில் ‘ன’ முன்வரிசையில் நிற்கும் எழுத்து. இந்தச் செய்தியின் மூலத்தில் அது இரண்டே முறை வருகிறது. மாறாக ஒரே ஒரு ஊர்ப்பெயர், ஒரு மெய்யின் 8 வருகைகளில் 5-ஐயும் இன்னொன்றின் 8-இல் 4-ஐயும் தானே தந்துவிட்டது. (ஆங்கிலப் பட்டியலின் e, t, a வரிசையைத் தமிழுக்குப் பயன்படுத்துவோரும் உண்டு. அதைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை.)

எண்ணிக்கை சொல்வது இவ்வளவே: மேலே உள்ள நாலைந்து எழுத்துகளில் க, த, ப, ட இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு மேல் நகர்த்துவது எழுத்துகளின் அண்டை வீடுகள். ஜோடிக் கணக்கில் ழ்வ 5 முறை, ன்ன 3, ர்ர 2, ய்ய 2, வ்வ 1 வருகின்றன.

முதலில் ழ்வ. இந்தச் செய்தியில் ழ்-க்குப் பின்னால் வ தவிர வேறெதுவும் வரவே இல்லை. தமிழில் இப்படி ஒட்டிக்கொண்டு திரிவது மெல்லினமும் அதன் வல்லினமும்தான்: ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. ழ ஒரு சொல்லின் முதலிலும் வருகிறது. ஆகவே அது ண, ன ஆக முடியாது. ங, ஞ சொல்லின் முதலில் வருவது அரிது. மீதம் ந, ம. ம் என்றால் சொல்லின் கடைசியில் அடிக்கடி வர வேண்டும். ழ ஒரு முறைகூடக் கடைசியில் வரவில்லை. எனவே ழ = ந, வ = த.

அடுத்தது ன. அதிகம் வருகிறது, இரட்டிக்கிறது, ஆனால் எந்தச் சொல்லும் அதில் தொடங்கவில்லை. ட-வின் குணம் அது. ‘ரொப்னு’ இப்போது _ொ_்டு ஆகிறது. ட-வுக்கு முன் புள்ளியோடு நிற்பது ண் என்று வைத்தால் _ொண்டு; முதலிடத்தில் உள்ள ர-வை க என்று போட்டால் ‘கொண்டு’. இரட்டிக்கும் எழுத்துகளில் மிஞ்சிய ய-வுக்கு ப. நீண்ட சொல் இப்போது ‘பாப்பி_ெட்டிப்பட்டி’ என்று நிற்கிறது. அரூர்ப் பக்கத்துப் பிள்ளை இதற்கு மேல் ஒரு நொடி யோசிக்காது. ள = ர கிடைத்ததும் ‘பேருந்து’ வருகிறது, ‘தர்_புரி’ வருகிறது, த = ம. ‘ஒகே_க்க_்’ ன, ல இரண்டையும் தருகிறது, மீதி மற்றச் சொற்களிலிருந்து வந்துவிடும். 16 மெய்களும் விழுந்துவிட்டன. மூலச் செய்தியில் வராத ஞ, ள இரண்டுக்கும் சாவி தெரியாவிட்டால் நட்டமில்லை.

ஓர் எச்சரிக்கை. சொல்முதல் எழுத்து, சொல்லிறுதி எழுத்து பற்றிய இந்த விதிகள் தமிழ்ச் சொற்களுக்கானவை. ‘டவுன் பஸ்’, ‘டீக்கடை’ என்று எழுதினால் ட சொல்லின் முதலில் வந்துவிடும். ஒரு ஊகம் தவறு என்பதற்கு அடையாளம், அடுத்த இரண்டு மூன்று சொற்களில் தமிழில் வராத கூட்டு தோன்றுவது. அப்போது கடைசி ஊகத்தை மட்டும் அழித்துப் பின்வாங்குங்கள், எல்லாவற்றையும் அல்ல. பென்சிலில் எழுதச் சொல்வது இதற்குத்தான்.

மறைப்பவர் விட்டுவைக்கும் ஓட்டைகள்

ஊர்ப்பெயர்தான் பெரிய ஓட்டை. பாப்பிரெட்டிப்பட்டி போலத் தனி வடிவம் உள்ள பெயரை என்ன எழுத்தில் போட்டாலும் அந்த வடிவம் தெரியும். கிருஷ்ணகிரிக்காரர்களின் நிலை இன்னும் மோசம். 18 மெய்களுக்கு மட்டும் சாவி போட்டால் கிரந்த எழுத்துகள் மாறாமல் கடந்துவிடும். ஊர்ப்பெயர் ‘ரிளுஷ்பரிளி’ என்று வெளியே வரும். நடுவில் நிற்கும் ஷ் ஒன்று போதும், க, ர, ண மூன்றும் ஒரே மூச்சில் போய்விடும். ஜ, ஷ, ஸ, ஹ நான்கையும் சாவியில் சேர்த்து 22 ஆக்க வேண்டும். ஊர்ப்பெயருக்கு முன்கூட்டியே பேசி வைத்த வேறொரு சொல்லைப் போடுவது இன்னும் நல்லது.

இரண்டாவது ஓட்டை சந்தி. ‘மதியச் சாப்பாடு’ என்று இலக்கண சுத்தமாக எழுதினால், ஒரு சொல்லின் கடைசிப் புள்ளி எழுத்தும் அடுத்த சொல்லின் முதல் எழுத்தும் ஒன்றாக இருக்கும். அந்த எழுத்து க, ச, த, ப நான்கில் ஒன்றுதான். தமிழாசிரியர் மதிப்பெண் குறைத்தாலும் பரவாயில்லை, சங்கேதச் செய்தியில் வலி மிகாமல் எழுதுங்கள். சொல் இடைவெளியை எடுத்துவிட்டால் இந்தத் துப்பும் சொல்முதல், சொல்லிறுதித் துப்புகளும் ஒன்றாகப் போகும். ஆனால் ழ்வ போன்ற ஜோடிகள் அப்படியே இருக்கும்.

மூன்றாவது, குறிகளைத் தொடாமல் விடுவது. 12 உயிர்களையும் புள்ளியையும் 13 அடையாளங்களாக எடுத்துக்கொண்டு அவற்றுக்கும் தனிச் சாவி போடலாம். உடைப்பவருக்கு வேலை நிச்சயம் கூடும். இருந்தாலும் இடைவெளி அப்படியே இருந்தால் புள்ளி ஒளிந்துகொள்ள முடியாது: இந்தச் செய்தியில் இ 15 முறையும், அ 14 முறையும் உயிர்மெய்களில் வர, புள்ளி 22 முறை வருகிறது, ஆனால் தமிழ்ச் சொல்லின் முதல் எழுத்தில் மட்டும் ஒருபோதும் வராது. எண்ணிக்கையில் முந்தியும் சொல்முதலில் இல்லாமலும் இருக்கும் அடையாளத்தைப் புள்ளி என்று எடுத்துக்கொண்டு மேலே சொன்ன வழியிலேயே தொடங்கலாம்.